மூன்று பெட்டி மாதிரி: தொற்றின் உச்சத்தையும் இறுதி அளவையும் கணக்கிடுவது எப்படி

ஒரு விடுதிக்குள் காய்ச்சல் நுழைகிறது. ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை பேர் நோயோடு இருப்பார்கள்? எல்லாம் ஓய்ந்த பிறகு மொத்தம் எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? முதல் கேள்வியின் பதில் உச்சம், இரண்டாவதன் பதில் இறுதி அளவு. இரண்டையும் கணக்கிட விரிதாள் ஒன்றும் கொஞ்சம் மடக்கையும் போதும். ஆனால் படிகளின் வரிசை பிசகினால் நம்பத்தக்க மாதிரித் தோன்றும் தவறான எண்கள் வந்து நிற்கும். உயர்தரம் முடித்த பிள்ளைகள் இதைச் செய்யும்போது எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன்.

## 1. தொடங்குமுன் வேண்டியவை

இணைந்த கணிதத்தில் படித்த வகையீடும் இயற்கை மடக்கையும் நினைவில் இருந்தால் போதும். எக்செல் அல்லது அதுபோன்ற எந்த விரிதாளும் சரி.

அப்புறம் ஒரு மூடிய கூட்டம் வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதற்கும் யாழ்ப்பாணத்தில் 1000 மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு கற்பனை விடுதியை எடுத்துக்கொள்கிறேன். தவணைக்காலம் என்பதால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, புதிதாக யாரும் வரவும் இல்லை. எல்லோரும் ஒரே சாப்பாட்டு மண்டபத்தில் சாப்பிடுகிறார்கள். நோய் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே தொற்றும் சளிக்காய்ச்சல். ஒருமுறை வந்து போனால் அந்தத் தவணைக்குள் திரும்ப வராது. இந்த நிபந்தனைகளில் ஒன்று உடைந்தாலும் மாதிரியை மாற்ற வேண்டியிருக்கும்.

## 2. பெட்டிகளை முதலில் எழுதி வையுங்கள்

S என்பது இன்னும் நோய் வராத, ஆனால் வரக்கூடியவர்கள். I என்பது இந்த நேரத்தில் மற்றவருக்குத் தொற்ற வைக்கக்கூடியவர்கள். R என்பது அந்த ஆட்டத்திலிருந்து விலகியவர்கள். குணமானவர்களும், வேறு காரணத்தால் இனித் தொற்றவைக்க முடியாதவர்களும் R இல் சேர்வார்கள். மூன்றையும் கூட்டினால் எப்போதும் மொத்தத் தொகை N வரவேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுக்குவது I இல்தான். நோயாளர் பதிவேட்டில் இதுவரை சேர்ந்த மொத்தத்தை I என்று போட்டுவிடுவார்கள். மொத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒருநாளும் இறங்காது. I ஏறி இறங்கும். உங்கள் I நிரல் இறங்கவே இல்லை என்றால் நீங்கள் எண்ணுவது I + R.

பெட்டிகளுக்கு இடையிலான ஓட்டம் இப்படி இருக்கும்:

```
dS/dt = -beta*S*I/N
dI/dt =  beta*S*I/N - gamma*I
dR/dt =  gamma*I
```

beta என்பது தொற்றுள்ள ஒருவர் ஒரு நாளில் தொற்ற வைக்கப் போதுமான அளவு எத்தனை பேரோடு பழகுகிறார் என்பது. அந்தப் பழக்கத்தில் S/N பங்குதான் இன்னும் நோய் வராதவர்களோடு நடக்கும். அதனால்தான் N ஆல் வகுக்கிறோம். வகுக்க மறந்தால் முதல் நாளிலேயே S எதிர்க்கணியமாகிவிடும். gamma என்பது தொற்றவைக்கும் காலத்தின் தலைகீழ். அந்தக் காலம் சராசரி 4 நாள் என்றால் gamma = 1/4.

## 3. இரண்டு எண்களையும் பிடிப்பது

gamma ஐ மருத்துவத் தகவலிலிருந்து எடுக்கவேண்டும். நம் காய்ச்சலுக்கு 4 நாள் என்று வைப்போம்: gamma = 0.25.

beta ஐ நேரே அளக்க முடியாது. ஆரம்ப நாட்களின் வேகத்திலிருந்து பிடிக்கலாம். தொடக்கத்தில் S ஏறத்தாழ N தான், ஆகவே I வளரும் வீதம் r = beta - gamma. பதிவேட்டைப் பார்த்து நோயாளர் தொகை எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்று கணியுங்கள். 2.8 நாளில் இரட்டிப்பானால் r = 0.693/2.8, ஏறத்தாழ 0.25. அப்படியானால் beta = 0.5.

இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் R0:

```
R0 = beta/gamma = 1 + r/gamma = 2
```

எல்லோரும் நோய் வரக்கூடியவர்களாக இருக்கும்போது ஒரு நோயாளர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பதே இது. R பெட்டிக்கும் R0 க்கும் எழுத்து ஒன்றே தவிர உறவு எதுவும் இல்லை.

பாதிப் பேர்தான் விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்கிறார்கள் என்றால் என்ன செய்வது என்று பலர் கவலைப்படுகிறார்கள். அந்தப் பாதி நாளுக்கு நாள் மாறாமல் இருக்கும்வரை இரட்டிப்புக் காலம் மாறாது, r உம் மாறாது. ஆனால் மூன்றாம் நாள் ஓர் அறிவித்தல் போட்டு எல்லோரும் வந்து சொல்லத் தொடங்கினால் வளர்ச்சி உண்மையைவிட வேகமாகத் தெரியும். அந்த நாட்களை விட்டுவிட்டுக் கணியுங்கள். அதேபோல gamma பிழைத்தால் R0 உம் பிழைக்கும்: இதே இரட்டிப்பு வேகத்துக்குத் தொற்றுக் காலத்தை 6 நாள் என்று எடுத்திருந்தால் R0 2.5 ஆகியிருக்கும்.

## 4. விரிதாளை அடுக்குவது

மாறிலிகளைத் தனிக் கலங்களில் வையுங்கள். H1 இல் 1000, H2 இல் 0.5, H3 இல் 0.25, H4 இல் காலப்படி 0.1. A நிரல் நாள், B நிரல் S, C நிரல் I, D நிரல் R. இரண்டாம் நிரையில் 0, 999, 1, 0 என்று தொடக்க நிலையை எழுதுங்கள். மூன்றாம் நிரையில்:

```
A3: =A2+$H$4
B3: =B2-$H$2*B2*C2/$H$1*$H$4
C3: =C2+($H$2*B2*C2/$H$1-$H$3*C2)*$H$4
D3: =D2+$H$3*C2*$H$4
```

இதை 1002 ஆம் நிரைவரை கீழே இழுங்கள். அது 100 நாள்.

வலப்பக்கத்தில் எல்லாக் கலங்களும் முந்தைய நிரையையே பார்க்கின்றன என்பதைக் கவனியுங்கள். C3 ஐ எழுதும்போது B2 க்குப் பதிலாக B3 ஐச் சுட்டிவிடுவது வழமையான பிழை. அப்படிச் செய்தால் S இலிருந்து போனவர்களும் I க்குள் வந்தவர்களும் ஒரே தொகையாக இருக்கமாட்டார்கள். கண்டுபிடிக்க E நிரலில் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கடைசி நிரைவரை 1000 நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வரைபைப் பார்ப்பதிலேயே பயனில்லை.

உச்சத்தையும் அது வரும் நாளையும் எடுக்க:

```
=MAX(C2:C1002)
=INDEX(A2:A1002,MATCH(MAX(C2:C1002),C2:C1002,0))
```

27 ஆம் நாளளவில் 155 பேர் என்று வரும். கடைசி நிரையில் R 800 க்குச் சற்றுக் கீழே நிற்கும். அடுத்த படி முடியும்வரை இந்த எண்களை யாருக்கும் சொல்லாதீர்கள்.

## 5. காலப்படியைச் சோதிப்பது

H4 இல் 0.1 ஐ 1 ஆக்கிப் பாருங்கள். உச்சம் 163 ஆகி 29 ஆம் நாளுக்குத் தள்ளிப்போகும். இறுதி அளவு 812 ஆகும். இங்கே காலப்படி 1 என்றால் 100 ஆம் நாள் 102 ஆவது நிரையிலேயே வந்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

காய்ச்சல் மாறவில்லை, கணக்குத்தான் மாறியது. ஒரு நாள் முழுவதும் காலையில் இருந்த I யையே வைத்துப் பெருக்குகிறோம். உண்மையில் அந்த நாளுக்குள்ளேயே I வளர்கிறது. ஆகவே ஆரம்பத்தில் மாதிரி பிந்துகிறது. அப்புறம் உச்சத்துக்குப் பக்கத்தில் S குறைந்துகொண்டு போவதையும் ஒரு நாள் தாமதமாகவே உணர்கிறது. அதனால் தேவைக்கு மேல் தொற்றவைத்துவிடுகிறது.

சோதனை எளிது: காலப்படியைப் பாதியாக்குங்கள். விடை முழு எண்ணளவில் அசையாமல் நின்றால் போதும். அசைந்தால் இன்னும் பாதியாக்குங்கள்.

## 6. உச்சத்தைச் சூத்திரத்தால் பிடிப்பது

விரிதாள் ஒரு விடை தந்தாயிற்று. ஏன் அந்த எண் என்று அது சொல்லாது. அதற்குச் சூத்திரம் வேண்டும்.

I இன் சமன்பாட்டை இப்படி எழுதுங்கள்: dI/dt = I(beta*S/N - gamma). அடைப்புக்குள் இருப்பது பூச்சியமாகும் கணத்தில்தான் I ஏறுவதை நிறுத்துகிறது. அது S = N/R0 ஆகும்போது நடக்கும். நம் விடுதியில் S 500 ஆகும்போது. அதாவது ஒரு நோயாளர் சந்திக்கும் இருவரில் ஒருவர் ஏற்கெனவே நோயைக் கண்டவராகிவிட்டார், ஆகவே இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டியவர் ஒருவருக்கே கொடுக்கிறார்.

அந்த நேரத்தில் I எவ்வளவு? நேரத்தை நீக்கிவிட வேண்டும். dI/dt ஐ dS/dt ஆல் வகுத்தால் dI/dS = -1 + N/(R0*S). இதைத் தொகையிட்டால்

```
I + S - (N/R0)*ln(S) = மாறிலி
```

தொடக்கத்தில் I + S = 1000, S = 999. உச்சத்தில் S = 500. இரண்டு இடத்திலும் மாறிலி ஒன்றே என்று எழுதினால்

```
Imax = 1000 - 500*(1 + ln(999/500)) = 154
```

விரிதாள் தந்த 155 இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மிச்ச ஒன்று காலப்படியின் பிழை. இரண்டும் பத்து, இருபது பேரால் வேறுபட்டால் விரிதாளில்தான் எங்கோ பிழை.

தொடக்க நோயாளர் மிகச் சிலர் என்றால் இதையே Imax/N = 1 - (1 + ln R0)/R0 என்று எழுதலாம். இதில் beta உம் gamma உம் தனித்தனியாக இல்லை, R0 மட்டுமே இருக்கிறது. உச்சத்தின் உயரத்தை அவற்றின் விகிதம் தீர்மானிக்கிறது. அது எந்த நாளில் வரும் என்பதைத்தான் தனித்தனி மதிப்புகள் தீர்மானிக்கின்றன. தொடக்கத்தில் ஒருவருக்குப் பதில் பத்துப் பேர் இருந்தாலும் உயரம் கொஞ்சம்தான் மாறும். நாள்தான் ஏறத்தாழ ln(10)/0.25, அதாவது 9 நாள், முன்னே வரும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தினமும் புதிதாகச் சேர்வோரின் உச்சமும் I இன் உச்சமும் ஒரே நாளில் வராது. நம் கணக்கில் புதிய தொற்றுகளின் உச்சம் சுமார் 3 நாள் முன்னரே வந்துவிடும். அதன் பிறகும் குணமாகிறவர்களைவிடப் புதிதாக வருகிறவர்களே அதிகம் என்பதால் I ஏறிக்கொண்டுதான் இருக்கும். "புதிய நோயாளர் குறைகிறார்கள்" என்று கட்டில்களை எடுத்து அடுக்கத் தொடங்கினால் அடுத்த மூன்று நாளும் கட்டில் போதாமல் போகும்.

## 7. இறுதி அளவு

அதே மாறிலியைக் கடைசிவரை கொண்டுபோங்கள். எல்லாம் ஓய்ந்ததும் I = 0. மொத்தத்தில் நோய் வந்தவர்களின் பங்கு z என்றால்

```
z = 1 - exp(-R0*z)
```

z இரண்டு பக்கமும் இருப்பதால் நேரே தீர்க்க முடியாது. விரிதாளில் J2 இல் 0.5 என்று போட்டு, J3 இல் கீழ்க்காண்பதை எழுதிப் பதினைந்து நிரை இழுங்கள்:

```
=1-EXP(-$H$2/$H$3*J2)
```

0.632, 0.718, 0.762, 0.782 என்று ஏறிப்போய் 0.797 இல் நிற்கும். 1000 பேரில் 797 பேர். J2 இல் 0 போட்டுத் தொடங்காதீர்கள். 0 உம் இந்தச் சமன்பாட்டின் தீர்வுதான், அங்கேயே இருந்துவிடும். R0 1 க்குக் கீழே என்றால் எதில் தொடங்கினாலும் 0 க்கே போகும். அது பிழையில்லை, நோய் பரவாது என்பதே விடை.

இப்போது ஆறாம் படியோடு சேர்த்துப் பாருங்கள். உச்ச நாளில் S 500, I 154, ஆகவே R 346. அந்த நாள்வரை தொற்றியவர்கள் 500 பேர். இறுதியில் 797. அப்படியானால் உச்சம் கடந்த பிறகும் 297 பேருக்குத் தொற்றுகிறது. S 500 க்குக் கீழே போனால் நோய் தானாக ஓயும் என்பது சரி, ஆனால் அந்தக் கணத்தில் 154 பேர் தொற்றவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒருவருக்கும் குறைவாகவே கொடுக்கிறார்கள், ஆனாலும் கொடுக்கிறார்கள். வேகமாக ஓடிவந்த பஸ் பிரேக் போட்ட இடத்திலேயே நிற்காதது போலத்தான். "பாதிப் பேருக்கு வந்தால் நின்றுவிடும்" என்று சொல்பவர்கள் இந்த 297 பேரை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 203 பேருக்கு நோய் வரவே இல்லை. ஆள் தீர்ந்து போவதால் நோய் ஓய்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நோயாளர்தான் முதலில் தீர்ந்துபோகிறார்கள்.

## 8. R0 சற்றுப் பிசகினால்

H2 ஐ மாற்றி மூன்றுமுறை ஓட்டுங்கள். R0 1.5 என்றால் உச்சம் 63, இறுதி அளவு 583. R0 2 என்றால் 154 உம் 797 உம். R0 3 என்றால் ஏறத்தாழ 300 உம் 940 உம்.

R0 1.5 இலிருந்து 3 ஆக இரட்டிப்பாகும்போது இறுதி அளவு 1.6 மடங்குதான் ஆகிறது, உச்சமோ ஐந்து மடங்குக்குக் கிட்ட ஏறுகிறது. ஆகவே ஒரே R0 ஐ வைத்து உச்சத்துக்கு ஒற்றை எண் சொல்லக்கூடாது. இரட்டிப்புக் காலத்தில் அரை நாள் ஐயம் இருந்தால், அதன் இரு எல்லைக்கும் ஓட்டி, "இதிலிருந்து இதுவரை" என்று சொல்லுங்கள். மருந்தறைக்குக் கட்டில் திட்டமிடுகிறவருக்கு உச்சம்தான் தேவை, அதைத்தான் நாம் மோசமாக அறிவோம்.

இதே கணக்கைத் தலைகீழாகப் படித்தால், சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பழக்கத்தைக் காற்பங்கு குறைத்தாலே R0 2 இலிருந்து 1.5 க்கு வரும். கட்டில் தேவை பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் அந்த ஒழுங்கைக் கடைசிவரை வைத்திருக்கவேண்டும். உச்சம் கடந்தவுடனே தளர்த்தினாலும் S இன்னும் 500 க்கு மேலே இருக்கும், I மறுபடி ஏறும்.

## 9. உண்மைத் தரவோடு உரசிப் பார்ப்பது

இதற்குப் பாடநூல்களில் அடிக்கடி வரும் ஒரு தரவு இருக்கிறது. 1978 ஜனவரி–பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஓர் ஆண்கள் விடுதிப் பாடசாலையில் இன்புளுவென்சா பரவியது. 763 பேரில் 512 பேர் இரண்டு வாரத்துக்குள் படுக்கைக்குப் போனார்கள். உச்ச நாளில் படுக்கையில் இருந்தவர்கள் 300 க்குக் கிட்ட.

படுக்கையில் இருந்தவர்களையே I என்று கொண்டு வளைவைப் பொருத்தினால் R0 3.6 ஐச் சுற்றி வரும். வரைபில் அழகாகவும் பொருந்தும். இனி அந்த R0 ஐ ஏழாம் படியில் போடுங்கள்: 97 சதவீதம், அதாவது 740 பேர். நடந்ததோ 512.

மறுபக்கத்தால் வாருங்கள். z = 512/763 = 0.67 என்று வைத்து R0 = -ln(1-z)/z ஐக் கணித்தால் 1.66. அதை உச்சச் சூத்திரத்தில் போட்டால் 70 பேர். நடந்ததோ அதன் நான்கு மடங்குக்கு மேல்.

ஒரே தரவு, இரண்டு R0. கணக்கில் பிழையில்லை, பெட்டியில் பிழை. காய்ச்சல் வந்தவுடன் மாணவர்கள் மற்றவர்களிடமிருந்து விலகிப் படுக்கைக்குப் போய்விட்டார்கள். படுக்கையில் இருப்பவர் பெருமளவு R பெட்டிக்குரியவர், பரப்புகிறவர் இன்னும் வகுப்பில் இருப்பவர். அதோடு, படுக்கைக்குப் போகாமலே இலேசாக நோய் வந்துபோனவர்களும், முன்பே எதிர்ப்புச் சக்தி இருந்தவர்களும் 763 க்குள் இருந்திருக்கலாம். அவர்களைப் பதிவேடு காட்டாது.

ஆகவே வளைவு பொருந்திவிட்டது என்று நிறுத்தாதீர்கள். உச்சத்திலிருந்து ஒரு R0, இறுதி அளவிலிருந்து ஒரு R0 எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் தூரமாக நின்றால் முதலில் "இந்தப் பதிவேடு யாரை எண்ணுகிறது?" என்று கேளுங்கள். இரண்டாம் படிக்குத் திரும்பவேண்டிய இடம் இது.

## 10. எங்கே வைக்கக்கூடாது

டெங்குவுக்கு வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆர்வமாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். டெங்கு ஆளிடமிருந்து நுளம்புக்கும் நுளம்பிலிருந்து ஆளுக்கும் போகிறது, அந்த நுளம்புக்கென்றே தனிப் பெட்டிகள் வேண்டும். வடகீழ்ப் பருவமழையோடு நுளம்பும் பெருகுவதால் beta வை ஒரு மாறிலியாக வைக்கவும் முடியாது. ஜனவரிக்குப் பிறகு நோயாளர் குறைவதைப் பார்த்து "S தீர்ந்துவிட்டது" என்று மாதிரி சொல்லும். மழை ஓய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

முழு மாவட்டத்துக்கும் வைக்காதீர்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ் மாவட்டத்தில் 5.8 இலட்சம் பேர். H1 இல் அதையும் B2 இல் அதைவிட ஒன்று குறைவாகவும் போட்டால் அதே 15 சதவீத உச்சமும் அதே 80 சதவீத இறுதி அளவும் வரும், உச்ச நாள் மட்டும் 25 நாளளவு பின்னே போகும். குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவுக்காரரும் நல்லூர்ச் சந்தியில் நிற்பவரும் ஒருவரையொருவர் சம வாய்ப்பில் சந்திக்கிறார்கள் என்று மாதிரி எடுத்துக்கொண்டது. உண்மையில் பரவல் ஊர் ஊராக, வேறு வேறு நாளில் உச்சம் தொட்டுப் போகும். கூட்டிப் பார்த்தால் மாவட்ட வளைவு தாழ்ந்தும் நீண்டும் இருக்கும்.

கடைசியாக, ஒரே ஒரு நோயாளரோடு தொடங்கும்போது இந்த மாதிரி நிச்சயம் பரவும் என்றே சொல்லும். முதல் நாட்களில் அவர் யாருக்கும் கொடுக்காமலே குணமாகிவிடலாம் என்பது இதற்குத் தெரியாது. தொற்றுக் காலத்தை இந்த மாதிரி எடுத்துக்கொள்வது போலவே எடுத்து, தற்செயலைச் சேர்த்துக் கணக்கிட்டால், அப்படி அணைந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ 1/R0. நம் விடுதிக்கு அது பாதி. ஐந்து பேரோடு தொடங்கினால் 1/32 ஆகிவிடும். ஆகவே பதிவேட்டில் ஐந்தாறு பேராவது சேர்ந்த பிறகு விரிதாளை ஓட்டுங்கள். அந்த நாளையே நாள் 0 என்றும், அந்த எண்ணையே C2 என்றும் போடுங்கள். B2 ஐயும் அதற்கேற்பக் குறைக்க மறக்காதீர்கள்.